பதினைந்தடி தூரத்தில் ஒரு திக்கல்

அக்கா வீட்டில் மாலை ஆறரைக்கு மேல் டிவி அம்மாவுடையது. முதல் சீரியலுக்கு மடியில் ஏறும் ரிமோட், பத்து மணிக்குக் கடைசி சீரியலின் ‘தொடரும்’ வந்த பிறகுதான் கீழே இறங்கும். அதே டிவிக்கு அடியில், அத்தானின் தீபாவளி போனஸில் வந்த பிஎஸ்5 ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும். டியூஷன் முடிந்து வரும் அக்கா மகனுக்கு அதைத் தொட வாய்க்கும் நேரமும் ஆறரையிலிருந்து எட்டு வரைதான். பாட்டிக்கும் பேரனுக்கும் நடந்த இந்த வழக்கில் நான் சொன்ன சமரசம்தான் ரிமோட் ப்ளே.

விஷயம் எளிது. கன்சோல் ஹாலிலேயே இருக்கும். விளையாட்டும் அதற்குள்தான் ஓடும். ஓடுகிற படத்தை மட்டும் அது நொடிக்கு நொடி வீடியோவாகச் சுருக்கி, வீட்டு வைஃபை வழியாக உள்ளறையில் இருக்கும் டேப்லெட்டுக்கு அனுப்பும். பையன் அழுத்தும் பட்டன் அதே வழியில் திரும்பிப் போகும். இதற்கான ஆப் சோனியே தருவது, காசு கிடையாது. கன்சோலில் `Settings > System > Remote Play` போய் `Enable Remote Play` என்பதை இயக்க வேண்டும். டேப்பில் அதே கணக்கில் நுழைய வேண்டும். தூங்கும் கன்சோலை உள்ளறையிலிருந்தே எழுப்ப, `Power Saving` பகுதியில் `Features Available in Rest Mode` என்பதைத் திறந்து `Stay Connected to the Internet`, `Enable Turning on PS5 from Network` இரண்டையும் இயக்கிவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாளே ஒரு கலவரம். உள்ளே பையன் கன்சோலை எழுப்பியதும் அது ஹால் டிவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டப்போகும் நேரத்தில் திரையில் நீல வெளிச்சம். அம்மா போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். `Settings > System > HDMI` போய் `Enable One-Touch Play` என்பதை அணைத்ததும் டிவி அம்மாவிடமே நின்றது.

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. படம் வந்தது, ஆனால் திக்கித் திக்கி வந்தது. கார் ஓடிக்கொண்டிருக்கும், சட்டென்று நிற்கும், அடுத்த கணம் பத்தடி தள்ளிச் சுவரில் மோதிக் கிடக்கும்.

“மாமா, நெட் ஸ்லோ மாமா. அப்பாகிட்ட பெரிய ப்ளான் போடச் சொல்லுங்க.”

அத்தான் இணைய இணைப்புக்காரரை அழைத்தார். வந்தவர் போனில் வேகச் சோதனையை ஓட்டி, 190 எம்பிபிஎஸ் என்று காட்டிவிட்டுப் போனார். அவர் காட்டியது பொய்யில்லை. பையன் சொன்ன திக்கலும் பொய்யில்லை. இரண்டும் வேறு வேறு விஷயம், அவ்வளவே.

ரிமோட் ப்ளேயின் படம் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. கணக்கைச் சரிபார்க்க இணையம் தேவை. அது முடிந்தபின், கன்சோலும் டேப்பும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருந்தால், படம் கன்சோலிலிருந்து ரவுட்டருக்கும் ரவுட்டரிலிருந்து டேப்புக்கும் போகிறது. அக்கா வீட்டில் அந்தத் தூரம் மொத்தம் பதினைந்தடி. தெருவிலிருந்து வரும் ஃபைபரை 200-லிருந்து 500 ஆக்கினாலும் இந்தப் பதினைந்தடியில் ஒன்றும் மாறாது. சோனி கேட்கும் வேகமும் பெரிதில்லை: குறைந்தது 5 எம்பிபிஎஸ், நன்றாக ஓட 15. இன்றைய எந்த ரவுட்டரும் வீட்டுக்குள் இதைப்போலப் பல மடங்கு தரும்.

பிறகு ஏன் திக்கல்?

நகரப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று அட்டவணை சொல்லும். நாற்பது நிமிடம் ஒன்றும் வராது, பிறகு நான்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும். மணிக்கு எத்தனை என்று எண்ணினால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும். நிறுத்தத்தில் நின்றவருக்குத்தான் தெரியும் அந்தக் கணக்கின் லட்சணம். வேகச் சோதனை எண்ணுவது மணிக்கு எத்தனை பேருந்து என்பதை. விளையாட்டுக்கு வேண்டியதோ ஒவ்வொன்றும் தன் நேரத்துக்கு வருவது.

நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 16.7 மில்லிசெகண்டு. யூடியூபுக்கு இந்தக் கவலை இல்லை. அது பல நொடிக்கான வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் கால் நொடி வைஃபை தடுமாறினாலும் இருப்பிலிருந்து எடுத்துக் காட்டிவிடும். விளையாட்டில் அடுத்த படம் என்னவென்று பையன் பட்டனை அழுத்தும்வரை கன்சோலுக்கே தெரியாது. இருப்பு வைக்க வழியில்லை. அதனால் யூடியூப் வழுவழுவென்று ஓடும் அதே வைஃபையில் விளையாட்டு சிக்கிச் சிக்கி ஓடுவதில் முரண் எதுவும் இல்லை. ‘படமெல்லாம் நல்லாத்தானே ஓடுது’ என்று வீட்டார் சொல்லும் சாட்சியம் இங்கே செல்லாது.

எதையும் மாற்றுவதற்கு முன் அரை மணி நேரம் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாரும் எல்லாவற்றையும் ‘லேக்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் கோளாறு ஒவ்வொன்றுக்கும் முகம் வேறு. படம் நிற்காமல் ஓடினாலும் கலங்கி, கட்டம் கட்டமாகத் தெரிந்தால், வழியில் இடம் போதாமல் கன்சோல் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். படம் தெளிவாக, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, ஆனால் பட்டனை அழுத்திச் சற்று நேரம் கழித்தே குதிக்கிறது என்றால் அது தாமதம். பெரும்பாலும் டேப்பின் வேகக் குறைவோ கன்ட்ரோலரின் ப்ளூடூத்தோ காரணம். நின்று, பிறகு எட்டிப் பிடிப்பதற்காகப் பாய்ந்தால் அதுதான் பேருந்து விவகாரம். அக்கா வீட்டில் இருந்தது இந்தக் கடைசி ரகம்.

அடுத்து, கன்சோலைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அதற்கு ஒரு சீரியலின் விளம்பர இடைவேளை தேவைப்பட்டது. அம்மாவிடம் அனுமதி வாங்கி அதே ஆட்டத்தை அதே இடத்தில் டிவியில் ஓட்டினேன். ஒரு தடங்கலும் இல்லை. ஆக, விளையாட்டும் கன்சோலும் நிரபராதிகள். குற்றம் நடந்தது அந்தப் பதினைந்தடிக்குள்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வாசல் நிலைக்கு மேலே, ஃபைபர் உள்ளே நுழையும் இடத்தில் ரவுட்டர். அதிலிருந்து ஐந்தாறு அடியில் டிவியும் கன்சோலும். உள்ளறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரோடு ஒட்டி, அக்காவின் கல்யாணச் சீர் இரும்பு பீரோ. பீரோவுக்கு இந்தப் பக்கம் கட்டில், கட்டிலில் பையன், கையில் டேப். ரேடியோ அலைக்குச் சுவரைவிடப் பெரிய எதிரி இரும்புத் தகடு. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி வேறு; கண்ணாடியின் பின்னால் இருக்கும் உலோகப் பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும்.

டேப்பின் வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தேன். 2437 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆறாவது சேனல். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸும் தரக்கூடியதுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள். எதில் சேர்வது என்று டேப்பே முடிவு செய்தது. பீரோவைத் தாண்டி வலுவாகக் கேட்ட 2.4-இல் போய்ச் சேர்ந்துகொண்டது. 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், அதுவே அதன் சாபமும். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடியில் நமக்குக் கேட்பது நம் ரவுட்டர் மட்டுமா? வைஃபையை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் மூன்று சேனல்களில் பதினேழு ரவுட்டர்கள். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். எதிர்வீட்டில் யாரோ சினிமா இறக்கினால் நம் கார் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. ப்ளூடூத்தும் இதே 2.4-இல்தான் பேசுகிறது. பையனின் கன்ட்ரோலர் ப்ளூடூத், காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டும் ப்ளூடூத். ஒரே டேப்பின் ஒரே மூலையில், வைஃபையும் ப்ளூடூத்தும் மாறி மாறி வாய்ப்புக் கேட்டு நிற்கின்றன. சோனி 2023-இல் ரிமோட் ப்ளேக்கென்றே ‘பிளேஸ்டேஷன் போர்ட்டல்’ என்று ஒரு கருவி விட்டபோது அதில் ப்ளூடூத் ஹெட்செட்டுக்கே இடம் வைக்கவில்லை. வாங்கியவர்கள் நிறையத் திட்டினார்கள். இந்தச் சண்டையைப் பார்த்தபிறகு எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

ஊகத்தில் மாற்றுவதைவிட அளந்துவிட்டு மாற்றுவது நல்லது. அதற்குப் பெரிய கருவி வேண்டாம், ஒரு லேப்டாப் போதும். அதை டேப் இருக்கும் இடத்திலேயே கட்டிலில் வைத்து, அதே 2.4 வைஃபையில் இணைத்து, பையன் விளையாடிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கட்டளையைத் தட்டினேன்:

```
ping -n 300 192.168.1.1
```

192.168.1.1 என்பது அந்த வீட்டு ரவுட்டரின் முகவரி. உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம், லேப்டாப்பின் நெட்வொர்க் விவரத்தில் `Default gateway` என்று காட்டும். நொடிக்கு ஒருமுறை ரவுட்டரைக் கூப்பிட்டு, அது பதில் சொல்ல எவ்வளவு நேரமானது என்று வரிவரியாக எழுதும். ஐந்து நிமிடம். கடைசியில் வரும் சராசரியைப் பார்க்காதீர்கள், பேருந்துக் கணக்கு போலவே அதுவும் ஏமாற்றும். வரிகளை ஓடவிட்டு, தனியாகத் துருத்தும் எண்களைப் பாருங்கள். பெரும்பாலான வரிகளில் 5, 6 மில்லிசெகண்டு. நடுநடுவே 120. பிறகு 5, 5, 6. சட்டென்று 210. நான்கைந்து இடத்தில் `Request timed out`, பதிலே இல்லை. கட்டிலில் இருந்து ‘ஐயோ’ என்ற சத்தம் வந்த நேரமும் திரையில் மூன்று இலக்க எண் வந்த நேரமும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தன.

லேப்டாப்பிலிருந்து டேப்பைக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டாம். போனும் டேப்பும் வேலையில்லாத நேரத்தில் பேட்டரியைச் சேமிக்க வைஃபையைத் தூங்க வைக்கும். ரவுட்டர் ஏறத்தாழ நூறு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அடிக்கும் மணியைக் கேட்டுத்தான் கண் விழிக்கும். அதனால் கோளாறு இல்லாத டேப்பும் 80, 100 என்று பயம் காட்டும். கூப்பிடப்பட வேண்டியது ரவுட்டர்தான்.

முதல் மாற்றம்: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். சில ரவுட்டர்களில் இதற்கு முன் `Smart Connect` அல்லது `Band Steering` என்பதை அணைக்க வேண்டியிருக்கும். டேப்பில் 2.4-இன் பெயரை `Forget` செய்துவிட்டு 5-இல் மட்டும் சேர்த்தேன். பீரோவைத் தாண்டி 5 வருமா என்று அக்காவுக்குச் சந்தேகம். வலு குறைவாகத்தான் வந்தது, கோடுகள் நாலில் இரண்டு. ஆனால் கோடுகள் சொல்வது சத்தத்தின் அளவை மட்டுமே. கூட்டத்தில் உரக்கப் பேசுவதைவிட அமைதியான அறையில் மெல்லப் பேசுவது தெளிவாகக் கேட்கும். ஆனாலும் பீரோவை ஒன்றரை அடி நகர்த்தினோம். அதற்குப் பின்னால் காணாமல் போயிருந்த இரண்டு ஸ்பூனும் ஒரு டிசி நகலும் கிடைத்தன.

மீண்டும் ping. இப்போது பெரும்பாலும் 2, 3. மூன்று இலக்கம் போய்விட்டது. ஆனால் 40, 50 என்று அவ்வப்போது தலைகாட்டியது. திக்கல் பாதிக்கு மேல் குறைந்தது, ஒழியவில்லை.

மிச்சத்துக்குக் காரணம் கன்சோலின் பக்கம். அதுவும் வைஃபையில்தான் இருந்தது, அதே 5-இல், அதே சேனலில். கன்சோல் ஒரு துண்டைக் காற்றில் ரவுட்டருக்கு எறிகிறது; ரவுட்டர் அதே துண்டை அதே காற்றில் டேப்புக்கு எறிகிறது. ஒவ்வொரு படமும் ஒரே ஒற்றையடிப் பாதையில் இரண்டு முறை நடக்கிறது, இரண்டு முறையும் வழி விடச்சொல்லிக் காத்திருக்கிறது. கன்சோலிலிருந்து ரவுட்டருக்கு ஒரு கம்பி போட்டுவிட்டால் பாதி நடை மிச்சம். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் அது இந்தக் கம்பியாக இருக்கட்டும். டேப்புக்குத்தான் கம்பி போட முடியாது. கன்சோல் எங்கும் நடந்து போகப்போவதில்லை.

ஐந்து மீட்டர் லேன் கேபிள் ஒன்று, இரண்டு முனையிலும் முள் அடித்து வந்தது, கம்ப்யூட்டர் கடையில் வாங்கினேன். கேட்5இ போதும், கேட்6 என்றாலும் சரி. ரவுட்டரின் துளை 100 எம்பிபிஎஸ் தானா, ஆயிரமா என்று கவலைப்பட வேண்டாம். நமக்கு ஓட வேண்டியது 15 சொச்சம். கம்பியைச் செருகியபின் கன்சோலிலும் சொல்ல வேண்டும்: `Settings > Network > Settings > Set Up Internet Connection` போய் `Set Up Wired LAN`. செருகினாலே மாறிவிடும் என்று நினைத்து விட்டுவிடாமல், `Connection Status` பக்கத்தில் கம்பி வழியாகத்தான் இணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பழைய பிஎஸ்4 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கம்பி இன்னும் முக்கியம். 2013-இல் வந்த முதல் மாடலுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே கிடையாது; 2016-இல் வந்த ஸ்லிம்மிலும் ப்ரோவிலும்தான் அது வந்தது. அந்தப் பழைய பெட்டியை வைஃபையில் வைத்துக்கொண்டு ரிமோட் ப்ளே திக்குகிறது என்று புலம்புவதில் பயனில்லை.

கம்பிக்குப் பிறகு ping 2, 2, 3, 2 என்று போனது. எப்போதாவது 12, 15. பையன் இரண்டு பந்தயம் முடித்தான். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பப் போனேன்.

“மாமா, இன்னும் இருக்கு.”

இருந்தது. ஆனால் வேறு மாதிரி. முன்பு கண்டபடி வந்தது, இப்போது நேரம் பார்த்து வந்தது. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன்: முப்பது நொடி, ஒரு சின்னத் தடுக்கல். மறுபடி முப்பது நொடி, ஒரு தடுக்கல். கோயில் மணி மாதிரி. அண்டை வீட்டு ரவுட்டர் இப்படி ஒழுங்காகத் தொல்லை தராது. சீரான இடைவெளியில் வரும் திக்கல் என்றால், ஏதோ ஒரு நிரல் அட்டவணை போட்டு எதையோ செய்கிறது என்று பொருள். போன் அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேடும்போது, தன் சேனலை விட்டு ஒவ்வொரு சேனலாக எட்டிப் பார்த்துவிட்டு வரும். அந்த நேரத்தில் வரும் படங்கள் வாசலில் நிற்கும்.

யார் தேடுகிறார்கள் என்று தேடினேன். விளையாட்டுத் திரையின் ஓரத்தில் சின்ன ஜன்னலாக ஓடிக்கொண்டிருந்தது, வைஃபையை அளக்க நான் போட்ட அதே ஆப். 5-இன் வலு எப்படி இருக்கிறது என்று விளையாடும்போதே பார்க்கட்டும் என்று நான்தான் அதைத் திறந்து வைத்திருந்தேன். கண்ணெதிரே திறந்திருக்கும் ஓர் ஆப் இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைக்கு மேல் இப்படித் தேடக் கூடாது என்று ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு நிமிடத்துக்கு நான்கு என்றால் முப்பது நொடிக்கு ஒன்று. கணக்குச் சரியாக இருந்தது. துப்பறிய வந்தவனே திருடன் என்பது பையனுக்குப் பெரும் மகிழ்ச்சி. பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னான். ஆப்பை மூடினோம், மணி அடிப்பது நின்றது. அதே கையோடு இருப்பிட அமைப்புகளில் இருக்கும் `Wi-Fi scanning` என்பதையும் அணைத்துவைத்தேன்.

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு இதே சீரான தடுக்கல் வேறு வழியாக வரும். ஏர்டிராப் போன்ற வசதிகளுக்காக ஆப்பிள் கருவிகள் பக்கத்தில் தன் இனம் யாராவது உண்டா என்று கேட்க அடிக்கடி வேறு சேனலுக்குப் போய் வருகின்றன. ஏர்டிராப்பை அணைத்துப் பாருங்கள். ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை 44 அல்லது 149-க்கு மாற்றியும் பார்க்கலாம். ஆப்பிள் கருவிகள் சந்தித்துக்கொள்ளும் சேனல்களும் அவையே என்பதால், ஏற்கெனவே அங்கே இருப்பவர் எழுந்து போக வேண்டிய தேவை குறைகிறது.

மறுநாள் இரவு போன் வந்தது. அரை மணி நேரம் பிரமாதமாக ஓடுகிறது, பிறகு கொழகொழவென்று ஆகிறது என்றான். டேப் சுடுகிறதா என்றேன். சுடுகிறது. சார்ஜில் போட்டபடி, தடித்த ரெக்ஸின் உறைக்குள், மே மாதத்தில், மெத்தைமேல் வைத்து. வந்து சேரும் வீடியோவை விரிக்க டேப்பின் சில்லு ஓயாமல் உழைக்கிறது. சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது படங்கள் நேரத்துக்கு வந்தாலும் டேப்பால் நேரத்துக்குக் காட்ட முடிவதில்லை. ping சுத்தமாக இருந்து படம் மட்டும் கெட்டால், அதுவும் விளையாடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துக் கெட்டால், வைஃபையை விட்டுவிட்டு டேப்பின் முதுகைத் தொட்டுப் பாருங்கள்.

உறையைக் கழற்றச் சொன்னேன். சார்ஜை முன்பே ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். ஆப்பின் அமைப்பில் படத்தின் தரத்தை 1080p-இலிருந்து 720p ஆக்கச் சொன்னேன். இதற்குத்தான் அவன் முகம் சுளித்திருப்பான், போனில் தெரியவில்லை. பத்து அங்குலத் திரையைக் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் 720p-யில் புள்ளிகள் பாதிக்கும் குறைவு. டேப்புக்கும் சுமை குறைவு, காற்றிலும் சுமை குறைவு. குறைக்கக் கூடாதது நொடிக்கு 60 என்ற வேகத்தை. 30 ஆக்கினால் ஓட்டத்தில் ஒரு தடித்தன்மை வந்துவிடும், அதைத் திக்கல் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து தேடுவீர்கள். டேப் உண்மையிலேயே பழையது, வேறு வழியில்லை என்றால் மட்டும் 30.

வீட்டில் இரண்டு ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இணைப்புக்காரர் தந்த பெட்டி வாசலில். நாமே வாங்கியது உள்ளே. கன்சோல் அந்தப் பெட்டியில், டேப் இந்தப் பெட்டியில் என்று மாட்டியிருந்தால் இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் வேறு வேறு தெரு. ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கவே திணறும். உள்ளே இருக்கும் ரவுட்டரை `Access Point` முறைக்கு மாற்றிவிட வேண்டும். விருந்தினருக்கென்று வைக்கும் `Guest` வைஃபையில் டேப்பைச் சேர்த்தாலும் இதே கதைதான். அது உள்வீட்டுக் கருவிகளைப் பார்க்கவிடாமல் தடுப்பதற்கென்றே இருப்பது. சுவரில் செருகும் ரிப்பீட்டர்களையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மலிவானவை கேட்டதை அதே சேனலில் திருப்பிச் சொல்பவை. நாம் கம்பி போட்டு ஒழித்த இரட்டை நடையை அவை திரும்பக் கொண்டுவரும்.

எக்ஸ்பாக்ஸிலும், கம்ப்யூட்டரிலிருந்து ஸ்டீம் லிங்க், மூன்லைட் வழியாக அனுப்புவதிலும் இதே கம்பி, இதே அலைவரிசை, இதே சூடுதான். கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு: மூன்லைட்டில் திரை ஓரத்தில் எத்தனை படம் வழியில் தொலைந்தது, விரிக்க எத்தனை மில்லிசெகண்டு ஆனது என்று எண்களாகவே காட்டும் வசதி இருக்கிறது. தொலைந்தது ஏறினால் வைஃபை, விரிக்கும் நேரம் ஏறினால் டேப். சோனியின் ஆப் இந்த எண்களைக் காட்டாததால்தான் நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார வேண்டியிருந்தது.

எல்லாம் சரிசெய்தபின்னும் டிவியில் ஆடுவதற்கு இது ஈடாகாது. படத்தைச் சுருக்க, அனுப்ப, விரிக்க, காட்ட என்று ஒவ்வொன்றும் சில மில்லிசெகண்டுகளைத் தின்னும். கூட்டினால், நன்றாக இருக்கும் வீட்டிலும் இரண்டு மூன்று படங்களின் தாமதம் மிஞ்சும். கார் பந்தயத்தில் கை அதற்குப் பழகிக்கொள்கிறது. கதையோடு நடந்து போகும் விளையாட்டுகளில் தெரிவதே இல்லை. கிரிக்கெட்டில் தெரிகிறது. வேகப்பந்து வீச்சாளர் ஓடிவரும்போது அக்கா மகன் சரியான நேரத்தில்தான் மட்டையைச் சுழற்றுகிறான். கன்சோலுக்கு அது போய்ச் சேரும்போது பந்து ஸ்டம்பில் இருக்கிறது. இரண்டு வாரம் சுழல்பந்தை மட்டும் சந்தித்துப் பார்த்தான். இப்போது டேப்பில் கார், ஞாயிறு காலையில் டிவியில் கிரிக்கெட் என்று பிரித்துக்கொண்டிருக்கிறான். ஞாயிறு காலை அம்மா கோயிலுக்குப் போய்விடுவார்.